நோட்டில் எழுதிய ‘நன்று’



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டு நேரத்தில் படிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் கை கூப்பி, ஒரே குரலில் “இத்தடகிமாஸ்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். முடித்ததும் மறுபடி கை கூப்பி “கொச்சிசோசாமா” என்கிறார்கள். அதன் கீழே மருமகன் முறை உள்ள ஒரு பையன் எழுதியிருந்தான்: “நம்ம ஆளுங்களுக்கு நன்றின்னா என்னன்னே தெரியாது.” அடுத்த நிமிஷமே பெரியவர் ஒருவர் பதில் போட்டார்: “ஜப்பான்காரனே நம்மகிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.” மூன்றாவதாக, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இப்போது நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவன் தனியாக எனக்கு எழுதினான்: “சார், காசு குடுத்துச் சாப்பிடுறோம், நன்றி எதுக்கு? ஓட்டல்காரன் நமக்கில்ல நன்றி சொல்லணும்?”

மூன்று பேருமே தப்பு என்பது என் கட்சி. மூன்றாமவனுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் வரிசையாகப் போவோம்.

முதலில் அந்த இரண்டு சொற்களும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். நம் பள்ளியில் படித்த ஒரு பெண் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போனில் ஒரு மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டேன், பிறகு நானும் தேடிப் படித்தேன்.

‘இத்தடகி’ என்றால் அவர்கள் மொழியில் உச்சி. மலை உச்சிக்கும் அதே சொல், தலை உச்சிக்கும் அதே சொல். பெரியவர்களிடமிருந்தோ கோயிலிலிருந்தோ ஒன்றை வாங்கினால் அதைத் தலைக்கு மேலே உயர்த்தி ஏற்றுக்கொள்வது அங்கே பழைய வழக்கம். அதிலிருந்துதான் பணிவாக ‘பெற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லும் வினை வந்தது. அதாவது இத்தடகிமாஸ் என்றால் ‘சிரமேற்கொள்கிறேன்’. நாம் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிறோமே, அந்தக் கைச்செய்கையைத்தான் அவர்கள் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள்.

“உயிர்களை உணவாகப் பெற்றுக்கொள்கிறேன்” என்றும் பலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அது நல்ல விளக்கம்தான், அங்கே பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சொல்லுக்குள் உயிர் என்ற பொருள் இல்லை. தலை மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது சொல் எனக்கு இன்னும் பிடித்தது. ‘ச்சிசோ’ என்பதை இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதல் எழுத்து குதிரையை விரட்டி ஓட்டுவதைக் குறிக்கும், இரண்டாவது ஓடுவதைக் குறிக்கும். விருந்தாளி வந்துவிட்டார், வீட்டுக்காரர் அரிசிக்கு ஒரு பக்கம், மீனுக்கு ஒரு பக்கம், கீரைக்கு ஒரு பக்கம் என்று ஓடுகிறார். அந்த ஓட்டத்துக்குத்தான் ‘ச்சிசோ’ என்று பெயர். பிறகு அதுவே விருந்துக்குப் பெயராகிவிட்டது. முன்னால் ஒரு மரியாதை, பின்னால் ஒரு மரியாதை சேர்த்து ‘கொச்சிசோசாமா’ என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், “எனக்காக ரொம்ப ஓடியாடிட்டீங்க.”

இப்போது கவனியுங்கள். இரண்டு சொல்லிலும் ‘நன்றி’ என்ற சொல்லே இல்லை. நன்றிக்கு அவர்களிடம் ‘அரிகாத்தோ’ என்று தனிச் சொல் இருக்கிறது. ஆனால் இலை முன்னால் உட்காரும்போது அதைச் சொல்வதில்லை. முதல் சொல் நான் என்ன செய்கிறேன் என்கிறது: தலைமேல் ஏற்கிறேன். இரண்டாவது நீ என்ன செய்தாய் என்கிறது: நீ ஓடினாய். அவ்வளவுதான். ஒரு வகையில் கணக்கு எழுதுவது மாதிரி. வரவு ஒரு வரி, அதற்காகப் பட்ட பாடு ஒரு வரி.

முதல் ஆளுக்கு வருகிறேன். “நமக்கு நன்றியே தெரியாது” என்றவனுக்கு.

தம்பி, உனக்கு உன் தாத்தா பந்தியில் சாப்பிட்டதைப் பார்த்த நினைவிருக்கிறதா? இலையைத் தன் பக்கமாக மடிப்பார். நல்ல காரியத்தில் அப்படித்தான் மடிக்க வேண்டும், திருப்தி என்று அர்த்தம், இந்த உறவு தொடரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் அப்படி மடிக்க மாட்டார்கள், இந்தக் காரியம் இந்த வீட்டில் தொடர வேண்டாம் என்று. வாயைத் திறக்காமல் ஒரு இலையை வைத்தே இவ்வளவும் பேசியவர்கள் நம் ஆட்கள். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதையே ‘கை நனைப்பது’ என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முடியும் வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் கடமைப்பட்டுவிட்டோம் என்று பொருள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன பழமொழி எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டு எழுந்த பெரியவர்கள், “வயிறு குளிர்ந்துச்சு ஆத்தா, நல்லா இருப்பே” என்று சொல்லிவிட்டுப் போவதை நான் என் காதால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

ஆக, தெரியாது என்பது பொய். ஆனால் என் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன், அது பின்னால் வேண்டும். அவர் “வயிறு குளிர்ந்துச்சு ஆத்தா” என்று சொன்னதெல்லாம் அடுத்தவர் வீட்டில்தான். சொந்த வீட்டில், என் பாட்டியிடம், அவர் சாப்பாட்டின்போது பேசிய சொற்கள் மூன்றே மூன்று: “தண்ணி”, “மோர்”, “உப்பு”. மூன்றாவது சொல், உப்பு குறைந்த அன்றைக்கு மட்டும்.

இரண்டாவது ஆளுக்கு. “எல்லாம் நம்மகிட்ட இருந்து போனது” என்ற பெரியவருக்கு.

மாமா, உங்களுக்கு ஒரு நல்ல துருப்புச்சீட்டை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஜப்பானில் ஜென் மடங்களின் சமையற்கட்டில் ஒரு தெய்வத்தின் சிலை வைப்பார்கள். பெயர் இதாத்தென். வேகமாக ஓடுகிறவர்களை இன்றைக்கும் அங்கே இதாத்தென் என்றுதான் சொல்வார்கள். புத்தருக்கு உணவு தேட நாலா திசையும் ஓடினார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு, ‘ச்சிசோ’ என்ற சொல்லையும் அந்த ஓட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இதாத்தென் யார் தெரியுமா? ஸ்கந்தன். நம் முருகனேதான். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனவர்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் மலர்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் மார் தட்டும் முன்பு யோசியுங்கள். முருகன் ஓடிய கதை நம்மிடமும் உண்டு. மயில் ஏறி உலகத்தைச் சுற்றினார், எதற்கு? தனக்கு மாம்பழம் வேண்டும் என்று. மாம்பழ ஊர்க்காரர்கள் நமக்கு அந்தக் கதை பிடிப்பதில் ஆச்சரியமில்லை. அதே சாமி அங்கே போய், அடுத்தவர் சாப்பாட்டுக்காக ஓடுகிறவராகிவிட்டார். சாமியை அனுப்பியது நாம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தைக் கவனித்து அதற்கு ஒரு சொல் வைத்தது அவர்கள். அந்தச் சொல்லும் சீன எழுத்தில் வந்தது, நம்மிடமிருந்து வந்ததல்ல. எது எங்கிருந்து போனது என்று பேசிக்கொண்டே இருந்தால் இன்றைக்கு நம் வீட்டில் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்க நேரம் இருக்காது. பல பேர் அதற்காகத்தான் அந்தப் பேச்சையே பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இப்போது மூன்றாவது ஆள். “காசு கொடுத்தாச்சு” கட்சி.

இவன் பெரிய கட்சிக்காரன், ஜப்பானிலும் இவனுக்கு ஆள் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு அங்கே வானொலியில் எய் ரொகுசுகே என்பவர் நடத்திய நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் பெரிய பாடலாசிரியர், நாடறிந்தவர். கடிதத்தில் இருந்த செய்தி இதுதான்: ஒரு தாய் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் போய், “சாப்பாட்டுக்கு நாங்கள் பணம் கட்டுகிறோம். என் பிள்ளையை இத்தடகிமாஸ் சொல்ல வைக்காதீர்கள்” என்று சொல்லியிருக்கிறார். நாடு முழுக்க விவாதம், பத்திரிகைகளில் கட்டுரைகள். பெரும்பாலானவர்கள் அந்தத் தாயைத் திட்டினார்கள், சிலர் அவர் கேட்டது சரிதானே என்றார்கள்.

திட்டுவது சுலபம். நான் கணக்கு வாத்தியார், அந்தத் தாயின் கணக்கையே சரி பார்க்கிறேன். ஜப்பானில் பள்ளி உணவுக்கு 1954இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி சமையற்கூடம், பாத்திரம், சமைக்கிறவர்கள் சம்பளம் எல்லாம் பள்ளியை நடத்தும் ஊராட்சி, நகராட்சிகளின் பொறுப்பு. அப்போது பெற்றோர் கட்டியது பெரும்பாலும் காய்கறி, அரிசி, பால், மீன் ஆகியவற்றின் விலை. அதாவது அந்தத் தாய் பொருளுக்குப் பணம் கட்டினார். ஓட்டத்துக்கு அவர் கட்டவே இல்லை. ‘கொச்சிசோ’ என்ற சொல் எதைக் குறிக்கிறதோ, சரியாக அதுதான் அவர் ரசீதில் இல்லை.

சரி, ஓட்டல் என்றால்? அங்கே கூலியும் சேர்த்துத்தானே பில்? ஆமாம். ஆனால் ஜப்பானில் சின்ன நூடுல்ஸ் கடையில்கூட, பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறவன் அடுப்படியைப் பார்த்து “கொச்சிசோசாமா” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். பணம் கொடுத்த பிறகு சொல்கிறான் என்பதை நன்றாகக் கவனி. கொடுத்த பணம் பொருளையும் நேரத்தையும் ஈடு செய்யும். அடுப்பு முன்னால் நின்றவனின் கை சுட்டதை அது எந்தத் தலைப்பில் எழுதும்? அதற்காக அவன் கூடுதல் பணமும் கேட்கவில்லை. “நீ ஓடினதைப் பார்த்தேன்” என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஊரான் கதை. இனி என் கதை. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அங்கே படித்தவர்கள்தான் நீங்கள். சத்துணவில் வளர்ந்தவர்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கியபோது அந்த மையத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு சமையலராக ஆனவர் ஒரு அம்மா. நீங்கள் எல்லோரும் “ஆயா” என்பீர்கள். பெயர் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

ஒரு நாள் கணக்கைப் போடுவோம். ஒன்று முதல் ஐந்து வரை 70 பிள்ளைகள், தலைக்கு 100 கிராம் அரிசி, ஆக 7 கிலோ. ஆறு முதல் எட்டு வரை 50 பிள்ளைகள், தலைக்கு 150 கிராம், ஆக ஏழரைக் கிலோ. மொத்தம் பதினான்கரைக் கிலோ அரிசி. வெந்தால் அது நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதை இரண்டு பெண்கள் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். பிறகு முட்டை. 120 பிள்ளைக்கு 120 முட்டை. நாமக்கல் முட்டை பண்ணையிலிருந்து சீக்கிரமே வந்துவிடும், நமக்கெல்லாம் அது பெருமை. ஆனால் ஆயாவுக்கு அதுதான் தொல்லை. ரொம்பப் புது முட்டையாக இருந்தால் வேக வைத்த பிறகு ஓடு கழன்று வராது, வெள்ளைக்கருவைப் பிய்த்துக்கொண்டு வரும். கொதிக்கிற முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கொட்டி, தட்டி, உருட்டி, தண்ணீருக்குள்ளேயே வைத்து உரிப்பார். ஒன்றுக்கு அரை நிமிஷம் என்று வை. 120 முட்டைக்கு ஒரு மணி நேரம். பிய்ந்து போன முட்டையைப் பிள்ளைகள் வாங்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். “எனக்கு உடைஞ்சது வேணாம் ஆயா” என்று தட்டை இழுத்துக்கொள்வீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

நான் என்ன செய்தேன்? பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு ஓர் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐந்து வருஷம், வாரத்தில் இரண்டு நாள் அது என் முறை. ஆயா ஒரு தட்டில் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். ஒரு கவளம் சாப்பிடுவேன். ருசிப் பதிவேட்டில் தேதி போட்டு, ‘நன்று’ என்று எழுதி, கையெழுத்துப் போடுவேன். ஆயா நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தட்டை எடுத்துக்கொண்டு போவார்.

வருஷத்துக்கு 210 வேலை நாள், ஐந்து வருஷத்துக்கு 1050, அதில் ஐந்தில் இரண்டு பங்கு 420. லீவு போட்ட நாளைக் கழித்தாலும் நானூறு முறை ‘நன்று’ எழுதியிருக்கிறேன். அத்தனை முறையும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை. உப்பு அதிகமான அன்றைக்கு மட்டும் சொன்னேன். என் தாத்தாவின் பேரன்தானே.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள்: “சார், அம்மாகிட்டயும் ஆயாகிட்டயும் போய் நன்றின்னு சொன்னா அந்நியமா இருக்காதா? நம்ம பழக்கம் இல்லையே.” இருக்கும். எனக்கும் வாயில் வராது. வீட்டுக்காரியிடம் “நன்றி” என்றால் “என்னாச்சு உங்களுக்கு, மாத்திரை போட்டீங்களா” என்று கேட்பாள். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், அவர்களும் நன்றி என்ற சொல்லைச் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்கிறார்கள். நம்மிடமும் அதற்குச் சொல் இருக்கிறது. “வயிறு நிறைஞ்சுது.” “ரசம் இன்னைக்கு நல்லா வந்திருக்கு.” “இந்த வெயில்ல அடுப்புகிட்ட நின்னியே.” இதில் எது அந்நியம்? பண்பாட்டின் பேரைச் சொல்லி நாம் காப்பாற்றுவது நம் சோம்பலைத்தான்.

அதைவிட மோசமான ஒன்றையும் காப்பாற்றுகிறோம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் போன் பண்ணித் திட்டுங்கள்.

கை நனைத்தால் கடமை என்றோமே, அதே ஊரில் யார் கையால் நனைப்பது என்றொரு கேள்வியும் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் சமையலராக வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் கூடி நின்றார்கள். முதலில் அந்தப் பெண்ணைத்தான் மாற்றினார்கள். பிறகு எதிர்ப்புக் கிளம்பி, அந்த உத்தரவு ரத்தாகி, தடுத்தவர்கள்மேல் வழக்கு வந்தது. நம் கொங்கு மண்ணில், நேற்று நடந்த மாதிரி. உப்பிட்டவரை நினை என்கிற பழமொழியை அந்தப் பெற்றோருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உப்புப் போட்ட கை யாருடையது என்று பார்த்துத்தான் பழமொழியையே எடுப்பார்கள்.

ஜப்பானை இதில் உயர்த்திப் பேச மாட்டேன். ‘உயிரைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற அதே நாட்டில், அந்த உயிரை அறுத்துக் கொடுக்கிற தொழிலாளிகளைப் பரம்பரை பரம்பரையாகத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். டோக்கியோவில் இருக்கிற பெரிய இறைச்சிச் சந்தைத் தொழிலாளர்களுக்கு இந்தக் காலத்திலும் கேவலமாக எழுதிக் கடிதம் வந்திருக்கிறது. தினமும் மூன்று வேளை கை கூப்பிய கைகள்தான் அதையும் எழுதியிருக்க வேண்டும். ஆக, சொல்லைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓடியவர் யார் என்று பார்க்காமல் ‘ஓடினீர்கள்’ என்று சொன்னால் அது வெறும் சத்தம்.

இன்னொன்று. சொல், சம்பளத்துக்கு மாற்று இல்லை. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். அவர்களைத் ‘தாய்மார்கள்’ என்று மேடையில் புகழ்ந்துவிட்டு ஊதியத்தில் கை வைப்பதும் நன்றி இல்லை. கூலி கணக்கில் சேர வேண்டும், சொல் காதில் சேர வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கிற எவனும் ஏமாற்றுக்காரன்தான். “காசு கொடுத்தாச்சு, சொல் எதுக்கு” என்கிற என் மாணவனும், “சொல் கொடுத்தாச்சு, காசு எதுக்கு” என்கிறவர்களும் ஒரே பென்ச்சில் உட்கார வேண்டியவர்கள்.

அந்தப் பள்ளிக்கூட வீடியோவில் நீங்கள் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கை கூப்புவதைத்தான் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். வெள்ளை மேலாடை, தொப்பி, முகக்கவசம் போட்ட பிள்ளைகள் சிலர் பாத்திரங்களை வகுப்புக்குத் தூக்கி வருகிறார்கள். அவர்களே மற்ற பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார்கள். முறை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் அந்த வேலை வரும். கடைசிப் பிள்ளைக்குத் தட்டு வரும்வரை யாரும் வாயில் வைப்பதில்லை. ஆசிரியரும் அதே சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதாவது ‘ஓடினீர்கள்’ என்று சொல்கிற பிள்ளைக்கு ஓடுவது என்றால் என்ன என்று தன் கையால் தெரியும். சூடான பாத்திரத்தைத் தூக்கியிருக்கிறது. தன் பங்கைச் சிந்திவிட்டு அழுதிருக்கிறது. சொல்லுக்கு உயிர் அங்கிருந்துதான் வருகிறது. நாம் ஆயாவிடம் தட்டை நீட்டினோம், வாங்கினோம், போனோம். ஒரு முட்டையை உரித்துப் பார்க்கச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லித் தரவில்லை. வாத்தியார் மேலேயே குற்றம்.

வீடியோ பார்த்த மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். ஆயா வேலையிலிருந்து நின்று சில வருஷமாகிறது. மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி. என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தார், உட்காருங்கம்மா என்றேன். கம்பங்கூழ் கரைத்து, வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுத்தார்கள். குடித்தேன். பிறகு ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அம்மா, அஞ்சு வருஷம் உங்க சாப்பாட்டை ருசி பார்த்தேன். நோட்டுல நன்றுன்னு எழுதினேன். உங்ககிட்ட ஒரு நாளும் சொல்லல. நல்லா இருந்துச்சுங்கம்மா. அத்தனை நாளும் நல்லா இருந்துச்சு.”

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: “நோட்டுல என்னமோ எழுதுவீங்க சார். எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. என்னமோ குத்தம்தான் எழுதுறீங்கன்னு நினைச்சுக்குவேன்.”

நானூறு ‘நன்று’. அத்தனையும் அந்த அம்மாவுக்குக் குற்றப்பத்திரிகையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுப்படியில் நின்று, இந்த வாத்தியார் இன்றைக்கு என்ன குறை எழுதினாரோ என்று நினைத்துக்கொண்டுதான் 120 தட்டுக்குப் பரிமாறியிருக்கிறார்.

எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மனசுக்குள் நன்றி இருக்கிறது, வெளியே எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறோம். மனசு என்பதும் அந்த நோட்டு மாதிரிதான். நாம் அதில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று எதிரில் நிற்கிறவருக்குப் படிக்கத் தெரியாது.

ஆகவே மருமகனே, ஜப்பானைப் பார்த்து நம்மைத் திட்ட வேண்டாம். மாமா, முருகனைக் காட்டி ஜப்பானை வெல்ல வேண்டாம். என் அருமை மாணவனே, பில்லைக் காட்டிக் கணக்கை மூட வேண்டாம், கணக்கு நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், விடுபட்ட வரியை நான்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு எழுந்திரிக்கும்போது, ஜப்பான் மொழி வேண்டாம், கை கூப்ப வேண்டாம், நன்றி என்றுகூடச் சொல்ல வேண்டாம். யார் ஓடினார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்து, நடந்ததை ஒரு வரி சொல்லுங்கள். சொல்லிவிட்டு உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள்.

நேற்று ராத்திரி நான் சொல்லிப் பார்த்தேன். “குழம்பு நல்லா இருந்துச்சு, காலையிலிருந்து நிக்கிறே, நீயும் உட்கார்ந்து சாப்பிடு” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உப்பு கம்மியா இருந்துச்சே, சொல்லவேயில்ல?” என்றாள்.

நாற்பது வருஷப் பழக்கம். ஒரே நாளில் போகாது. இன்றைக்கும் சொல்வேன்.

திட்டுகிறவர்கள் இங்கேயே திட்டலாம். ஆயாவைப் பார்க்கப் போகிறவர்கள் என்னைத் தனியாகக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
அஸ்தம்பட்டி, சேலம்.